ஆன்டிபயாடிக், இழுப்பு மாத்திரை, நடுவில் அம்மாவின் காபி

அம்மாவுக்கு 68 வயது. ஆஸ்துமா இருபது வருடத்துக்கு மேல் பழசு. இன்ஹேலர் இருக்கிறது, அதோடு மூச்சு இழுப்புக்கென்று தினமும் ஒரு மாத்திரை. எட்டோஃபிலினும் தியோஃபிலினும் சேர்ந்தது, உடம்பில் மெதுவாகக் கரைகிற வகை. காபி நான்கு வேளை. காலையில் எழுந்ததும் ஒன்று, டிபனோடு ஒன்று, பிற்பகல் மூன்றரைக்கு ஒன்று, விளக்கேற்றிய பிறகு ஒன்று. டிகாக்‌ஷன் நீர்த்திருந்தால் டம்ளர் அப்படியே திரும்பி வந்துவிடும். இத்தனை காபிக்கும் ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்தால் நன்றாகத் தூங்குவார்.

சிறுநீர் போகும்போது எரிச்சல், லேசான காய்ச்சல் என்று பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் 500 மி.கி., காலையும் இரவும் என்று எழுதிக் கொடுத்து, என்ன கிருமி என்று பார்க்க சிறுநீரை கல்ச்சருக்கும் அனுப்பினார்கள். ஆஸ்துமாவுக்குப் பார்ப்பவர் வேறு டாக்டர், வேறு ஊரில். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டபோது அம்மா, "பிரஷருக்கு ஒண்ணு" என்றார். இழுப்பு மாத்திரையை அவர் சொல்லவில்லை. இத்தனை வருடம் சாப்பிட்டால் அது மருந்து என்பதே மறந்துபோய்விடுகிறது.

எரிச்சல் சீக்கிரமே அடங்கியது. ஆனால் தூக்கம் போய்விட்டது. நடுராத்திரியில் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றார். காலையில் டபராவைப் பிடித்த கை நடுங்கியது, இட்லியைப் பார்த்தாலே குமட்டல். ஆன்டிபயாடிக் என்றால் வயிற்றைப் புரட்டும், உடம்பைத் தளர்த்தும் என்று வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. படபடப்பை மூச்சுத் திணறல் என்று நினைத்து அம்மா சால்பியூட்டமால் இன்ஹேலரை இரண்டு முறை கூடுதலாக இழுத்திருக்கிறார். அதுவும் கைநடுக்கத்தையும் படபடப்பையும் தரும் மருந்துதான். ஆனால் இன்ஹேலரால் வருகிற நடுக்கம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். இது அடங்கவில்லை.

குமட்டலுக்கு ஏதாவது வாங்கலாம் என்று மருந்துக் கடைக்குப் போனேன். அன்று ஃபார்மசிஸ்ட் பெண்ணே கவுன்ட்டரில் இருந்தார். என் நல்ல நேரம் என்றுதான் சொல்ல வேண்டும். பல கடைகளில் சான்றிதழ் சுவரில் தொங்கும், ஆள் வேறாக இருப்பார். அவர் மாத்திரையை எடுக்கப் போகவில்லை. முதலில் கேட்டது, "அம்மா காபி குடிப்பாங்களாக்கா?" என்றுதான். நான்கு வேளை என்றேன். "வழக்கமா அதே காபி குடிச்சும் தூங்குவாங்க, இப்பத்தான் தூங்கலை. அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்றதும், "மூச்சுக்கு மாத்திரை ஏதாவது போடறாங்களா? பேரு ஃபிலின்னு முடியுமா?" என்று கேட்டார்.

வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவின் எவர்சில்வர் டப்பாவைப் பார்க்கச் சொன்னேன். கடைகளில் ஸ்ட்ரிப்பைக் கத்தரித்துக் கொடுப்பதால் இருந்த துண்டில் பெயர் பாதிதான் இருந்தது. தம்பி எழுத்துக் கூட்டி "பிஎச்ஒய்எல்" என்று படித்ததும் அந்தப் பெண் நிமிர்ந்துவிட்டார். "அடுத்த சிப்ரோ டோஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசணும். இப்பவே பேசணும். நானும் பேசறேன்" என்றார்.

அவர் சொன்னதையும் பிறகு டாக்டர் சொன்னதையும் சேர்த்து எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். காபியிலுள்ள கஃபீனை நம் கல்லீரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது. அதற்கென்று ஒரு நொதி இருக்கிறது, சிஒய்பி1ஏ2 என்று பெயர். சிப்ரோஃப்ளாக்சசின் அந்த நொதியை மட்டுப்படுத்திவிடும். சாதாரணமாகக் குடித்த கஃபீனில் பாதி வெளியேற 5 மணி நேரம் போல ஆகும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். சிப்ரோ சாப்பிடும்போது இது 8 மணி நேரத்தைக்கூட எட்டலாம். அம்மாவின் மூன்றரை மணிக் காபியை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக இரவு எட்டரைக்கே அதில் பாதி போயிருக்கும். இப்போது பதினொன்றரை மணிக்கும் பாதி மிச்சம். அதன் மேல் விளக்கேற்றிய பிறகு குடித்தது, காலையில் குடித்ததன் மிச்சம் எல்லாம் ஏறிக்கொள்ளும். நான்கு காபி உடம்புக்கு ஆறு, ஏழு காபியாகிவிடும்.

காபி மட்டும் என்றால் தூக்கம் கெடும், படபடக்கும், அவ்வளவோடு போகும். கவலை தியோஃபிலினைப் பற்றியது. கஃபீனும் தியோஃபிலினும் நெருங்கிய உறவு. தியோஃபிலினை 1888இல் முதலில் பிரித்தெடுத்ததே தேயிலையிலிருந்துதான். நாம் குடிக்கும் கஃபீனில் ஒரு சிறு பங்கு உடம்பிலேயே தியோஃபிலினாக மாறவும் செய்கிறது. இரண்டையும் உடைப்பது முக்கியமாக அதே நொதி. ஆக, காபி தேங்கினால் இழுப்பு மாத்திரையும் தேங்குகிறது என்று அர்த்தம். தியோஃபிலின் விஷயத்தில் குணமாக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடையே இடம் மிகக் குறைவு. ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை என்பது பழைய கணக்கு. இப்போது பல டாக்டர்கள் 15ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 20க்கு மேல் போகப் போக வாந்தி, நடுக்கம், இதயத் துடிப்பு தாறுமாறாவது, வலிப்பு என்று போகும். வாந்தி முதலில் வந்து எச்சரிக்கும் என்றும் நம்ப முடியாது, நேராக வலிப்பே வரலாமாம். போதாக்குறைக்கு சிப்ரோஃப்ளாக்சசினுக்கே வலிப்பைத் தூண்டும் குணம் கொஞ்சம் உண்டு. இந்த இரண்டு மருந்தும் சேர்ந்து உயிரிழப்பு வரை போன சம்பவங்கள் பதிவாகியிருப்பதால் மருந்தோடு வரும் தாளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அந்தத் தாளை யார் பிரித்துப் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

கிளினிக் டாக்டர் போனில் கிடைத்தார். பதற்றப்படாமல் கேட்டுக்கொண்டு, சிப்ரோவை நிறுத்தச் சொன்னார். அன்றைய இழுப்பு மாத்திரையைக் கொடுக்காமல் உடனே அழைத்து வரச் சொன்னார். நாடித் துடிப்பு 116. ஈசிஜி எடுத்தார்கள், வேகம் அதிகம், ஆனால் தாளம் ஒழுங்காக இருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தார்கள். தியோஃபிலின் அதிகமானாலும் சால்பியூட்டமால் அதிகமானாலும் பொட்டாசியம் இறங்குமாம், இறங்கினால் இதயத்துக்கு ஆபத்து. அது சரியாக இருந்தது. தியோஃபிலின் அளவு பார்க்கும் வசதி எங்கள் ஊரில் இல்லை, மாதிரியை வெளியே அனுப்பினார்கள். கடைசி மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டது, ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தது என்று இரண்டையும் சீட்டில் எழுதினார்கள். அது இல்லாமல் வரும் எண்ணுக்கு அர்த்தமில்லை என்றார் நர்ஸ். அன்றிரவு அங்கேயே வைத்துக் கவனித்தார்கள். மறுநாள் முடிவு வந்தது: 22. அதற்குள் நடுக்கம் குறைந்திருந்தது.

கல்ச்சர் முடிவு பார்த்து, சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்று கிரியாட்டினின் பார்த்து, நைட்ரோஃபியூரன்டாயினுக்கு மாற்றினார்கள். அது இந்த நொதியின் பக்கமே போவதில்லை. அமாக்சிசிலின், செஃபிக்ஸிம் போன்றவையும் அப்படித்தான். "ஃப்ளாக்சசின்" என்று முடிகிற எல்லாமே ஒரே மாதிரி என்று நினைத்திருந்தேன். இல்லையாம். சிப்ரோவும் நார்ஃப்ளாக்சசினும் தொந்தரவு செய்பவை. லெவோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் இந்த விஷயத்தில் பெரும்பாலும் சாது. வேறொரு குடும்பத்தில் எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் தியோஃபிலின் அளவை ஏற்றும், அசித்ரோமைசின் அவ்வளவாக ஏற்றாது. பெயர் ஒலிப்பதை வைத்து நாமாக முடிவு செய்ய முடியாத இடம் இது.

காபியைச் சட்டென்று நிறுத்தலாமா என்று கேட்டதற்கு ஃபார்மசிஸ்ட் வேண்டாம் என்றார். நான்கு வேளை குடித்தவர் திடீரென்று விட்டால் மறுநாளே தலைவலி வரும். தலைவலிக்கு என்று வாங்கும் மாத்திரைகள் சிலவற்றில் பாரசிட்டமாலோடு கஃபீனும் சேர்ந்திருக்கும். ஜலதோஷ மாத்திரை சிலவற்றிலும் உண்டு. காபியை நிறுத்திவிட்டு அதையே மாத்திரையாக விழுங்குவது போலாகிவிடும். அதனால் இரண்டு நாள் காலையில் மட்டும் பாதி டிகாக்‌ஷன், தலைவலி வந்தால் பாரசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரை என்று சொன்னார். சிப்ரோ நின்ற ஒன்றிரண்டு நாளில் நொதி பழையபடி ஆகிவிடும் என்றதும் அம்மாவுக்கு முகம் தெளிந்தது.

ஆஸ்துமா மாத்திரை எல்லாவற்றுக்கும் இந்தப் பிரச்சினை இல்லை. மான்டெலுகாஸ்ட் சாப்பிடுபவர்கள் காபியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தியோஃபிலின், அசிப்ரோஃபிலின், டாக்ஸோஃபிலின் என்று ஃபிலினில் முடிபவை இருந்தால், புது மருந்து எது வந்தாலும் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுவது நல்லது. சளி, தலைவலி மாத்திரை வாங்கும்போதும்தான். இன்னொரு சந்தர்ப்பத்தையும் அந்தப் பெண் சொன்னார், எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பீடி, சிகரெட்டின் புகை இதே நொதியை வேகப்படுத்தி வைத்திருக்கும். புகைப்பவர் அதை விட்டதும் நொதியின் வேகம் குறைந்து, அதே மாத்திரை, அதே காபி இரண்டுமே கூடுதலாகிவிடும். அப்போதும் டாக்டரிடம் டோஸைப் பற்றிக் கேட்க வேண்டும். ஆனால் திரும்பத் திரும்ப வாந்தி, துடிப்பு ஒழுங்கில்லாமல் போவது, பேச்சு குழறுவது, வலிப்பு என்றால் மருந்துக் கடையில் நிற்கக் கூடாது, நேராக ஆஸ்பத்திரி. படபடப்பு வருகிறதே என்று இழுப்பு மாத்திரையை நாமாக நிறுத்துவதும் கூடாது; அம்மாவுக்கு ஒரு நாள் மாத்திரையை நிறுத்தியது டாக்டர் சொல்லித்தான்.

அடுத்த வாரம் ஆஸ்துமா டாக்டரைப் பார்த்தோம். ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "தியோஃபிலின் எடுப்பவர், சிப்ரோ வேண்டாம்" என்று எழுதினார். இந்த மாத்திரை இனிமேல் தேவையா என்பதையே பார்ப்போம், இன்ஹேலர் சரியாகப் போனால் விட்டுவிடலாம் என்றார். அதற்கு மூச்சு ஊதும் சோதனை செய்ய வேண்டும். சோதனையன்று காலையில் காபி குடிக்காமல் வரச் சொன்னார். கஃபீனும் மூச்சுக் குழாயைக் கொஞ்சம் விரிக்கும், சில மணி நேரம் அந்தப் பலன் இருக்கும், அதனால் எண் நிஜத்தைவிட நன்றாக வந்துவிடுமாம். "அப்போ காபியும் மருந்துதான்னு சொல்லுங்க" என்றார் அம்மா. டாக்டர் சிரித்துக்கொண்டே, "ஆமாம்மா, அதனாலதான் மாத்திரை என்னென்னன்னு யாராவது கேட்டா அதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார்.