லீவ் லெட்டரில் நான் எழுதாமல் விட்ட மூன்று வரிகள்

பல்லடம் பக்கம் ஒரு நூல்மில்லில், நூலைக் கோன்களில் சுற்றும் ஆட்டோகோனர் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் மில்லில் சம்பள மாதம் 26-ம் தேதி தொடங்கி அடுத்த மாதம் 25-ல் முடியும். ஒரு நாளும் விடாமல் வந்தால் 1,200 ரூபாய் அட்டெண்டன்ஸ் போனஸ். ஒரு நாள் விட்டால் 600. இரண்டு நாள் விட்டால் ஒன்றும் கிடையாது.

போன வருடம் மாசியில் எங்கள் ஊர் மாரியம்மன் பூச்சாட்டுக்கு நான்கு நாள் லீவ் எடுத்தேன். பிப்ரவரி 24 முதல் 27 வரை. லெட்டரில் "சொந்த வேலை காரணமாக" என்று ஒரே வரி. 24, 25 பழைய சம்பள மாதத்திலும் 26, 27 புது மாதத்திலும் விழுந்துவிட்டன. இரண்டு மாதத்து போனஸும் போனது, 2,400 ரூபாய். கணக்கில் 11 நாள் ஈ.எல்., அதாவது சம்பளத்தோடு எடுக்கும் ஈட்டிய விடுப்பு, இருந்தும் அதில் கழிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. அதனால் நான்கு நாளும் சம்பளமில்லா விடுப்பாகப் பதிவானது.

பெரிய அடி ஏப்ரலில்தான் தெரிந்தது. எங்களிடம் வருடத்துக்கு 285 நாள் வருகை இருந்தால் முழு இன்கிரிமெண்ட், நாளுக்கு 16 ரூபாய். குறைந்தால் பாதி. எனக்கு 283 நாள். ஈ.எல். நாள்கள் இந்தக் கணக்கில் வருகையாகச் சேரும், சம்பளமில்லா விடுப்பு சேராது. அந்த நான்கு நாளும் ஈ.எல்.லாக இருந்திருந்தால் 287. நாளுக்கு 8 ரூபாய் என்றால் சின்னதாகத் தோன்றும். 26 ஷிப்டுக்கு மாதம் 208 ரூபாய், அதுவும் ஒரு மாதத்தோடு முடிவதில்லை. அடிப்படைக் கூலியில் விழுந்த பள்ளம் அப்படியே தொடரும்.

இந்த வருடம் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், கோவையில். மூன்று நாள் கூட இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் முதலில் தந்த தேதி பிப்ரவரி 25. அவசரமில்லாத ஆபரேஷன் என்பதால் ஒரு வாரம் தள்ளிக் கேட்டேன். மார்ச் 4 கிடைத்தது. மூன்று நாளும் ஒரே சம்பள மாதத்துக்குள் வந்துவிட்டன.

அப்புறம் டைம் ஆபீஸுக்குப் போனேன். அங்கிருக்கும் அண்ணன் ரெஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஜனவரி 26 நீங்க வேலைக்கு வந்திருக்கறீங்க, அந்த மாற்று லீவு அப்படியே கெடக்குதே" என்றார். தேசிய விடுமுறையில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி தர வேண்டும், அல்லது அன்றைய கூலியோடு சம்பளத்துடன் வேறொரு நாள் விடுமுறை தர வேண்டும் என்பது தமிழ்நாட்டுச் சட்டம். இரண்டில் விடுமுறைதான் வேண்டும் என்று நான் எழுதிக் கொடுத்ததையே மறந்திருந்தேன். மாற்று விடுமுறையும் வார ஓய்வும் ஆப்சென்ட் ஆகாது, போனஸைத் தொடாது. ஈ.எல். அப்படியில்லை. அது கூலியையும் இன்கிரிமெண்டையும் காக்கும், எங்கள் மில்லில் போனஸைக் காக்காது. இந்த போனஸ் ஒவ்வொரு மில்லும் தானே வைக்கிற விதி என்பதால், உங்கள் இடத்தில் எப்படி என்று நோட்டீஸ் போர்டிலோ ஒப்பந்தத்திலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தடவை காரணத்துக்குக் கீழே இப்படி எழுதினேன்:

"மார்ச் 3 செவ்வாய் எனக்குரிய வார ஓய்வை 4-ம் தேதிக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். 5-ம் தேதியை, ஜனவரி 26 அன்று வேலை செய்ததற்கான மாற்று விடுமுறையாகப் பதிய வேண்டுகிறேன். 6-ம் தேதியை என் ஈ.எல். கணக்கில் கழித்து, ஆண்டு இன்கிரிமெண்ட் கணக்கில் வருகையாகச் சேர்க்க வேண்டுகிறேன்."

ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலையும் இணைத்தேன். மாஸ்டர் படித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை ஆள் குறைவு, வார ஓய்வை மாற்றுவது தனக்கும் வசதிதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் டைம் ஆபீஸ் சீல் வாங்கி வைத்துக்கொண்டேன். சீல் வாங்கக் கூச்சப்படாதீர்கள். எனக்கு அதுதான் கடைசியில் உதவியது.

ஏனென்றால் மார்ச் சம்பளச் சீட்டில் போனஸ் 600 சரியாக இருந்தது, ஆனால் வேலை நாளும் ஈ.எல்.லும் சேர்ந்து வரவேண்டிய கூலியில் ஒரு நாள் குறைந்தது. ஈ.எல். இருப்பும் பழையபடியே நின்றது. இருப்பு குறையவில்லை என்றாலே அந்த நாள் சம்பளமில்லா விடுப்பில் போயிருக்கிறது என்று அர்த்தம். சீல் போட்ட பிரதியைக் காட்டினேன். 6-ம் தேதியை ஈ.எல். என்று திருத்தி, கூலியை அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்த்தார்கள். வருகைக் கணக்கிலும் அந்த நாள் ஏறியதை ரெஜிஸ்டரில் பார்த்துவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போனேன்.