நேர்காணல் முடிந்த பிறகு ஞாபகம் வந்த பதில்

மார்ச் 4, மாலை

கிடங்கு இருப்புக் கணக்கு வேலைக்கான நேர்காணல் இன்று முடிந்தது. ஒரு கேள்வி மட்டும் மனதை அரிக்கிறது. "கணினியில் 480 பெட்டி, அலமாரியில் எண்ணினால் 468. என்ன செய்வீர்கள்?" என்று மேலாளர் கேட்டார். வேறொருவரை வைத்து மறுபடி எண்ணச் சொல்வேன் என்றேன். படியிறங்கும்போதுதான் உறைத்தது: அந்த 12 பெட்டி வெளியே போய், கணினியில் இன்னும் பதிவாகாமல் இருக்கலாமே! முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். தினமும் செய்கிற வேலை, அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

மறப்பதற்குள் அவர் சொன்ன ஒன்றையும் குறித்து வைத்தேன். மாதக் கடைசியில் சரக்கு எண்ண அவர்கள் இரண்டு நாள் அனுப்புதலையே நிறுத்துகிறார்களாம்.

மார்ச் 4, இரவு

நன்றி மின்னஞ்சலின் முதல் வரைவு ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டது. "அந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லாததற்கு மன்னிக்கவும்" என்று ஒரு வரி. அதை அடித்தேன். என் பதில் தவறில்லை, பாதியில் நின்றது, அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்டால் நானே அதைத் தவறாக்கிவிடுவேன். விட்டுப்போன இன்னும் இரண்டு விஷயங்களையும் சேர்த்திருந்தேன். மூன்றையும் வைத்தால் தேர்வைத் திரும்ப எழுதுவதுபோல் இருக்கும். அவர் நேரடியாகக் கேட்டது இருப்பு வித்தியாசத்தைத்தான். அது மட்டும் போதும்.

"கடின உழைப்பாளி" என்ற பத்தியும் போயிற்று. யார் வேண்டுமானாலும் எழுதலாம் அதை.

மார்ச் 5, காலை

மறுநாளே போய்விட வேண்டும் என்று 9 மணிக்கு அனுப்பினேன். நேர்காணல் அழைப்பு வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக அனுப்பியதால், நான் யாரென்று தேட வேண்டியிருக்காது.

"நேற்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. மாதக் கடைசியில் அனுப்புதல் நிற்பதைச் சொன்னீர்கள். இப்போதைய வேலையில் தினமும் சில அலமாரிகளை மட்டும் எண்ணி, கிடங்கை நிறுத்தாமலே கணக்கைச் சரிபார்க்கிறேன். அந்த அனுபவம் உங்களுக்கு உதவும் என நம்புகிறேன்.

480, 468 கேள்விக்கு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். மறுபடி எண்ணுவதற்கு முன், எண்ணிய நேரத்தில் வெளியே போன சரக்குக்கு, கணினியில் பதிவாகாத சீட்டுகள் உண்டா என்று பார்ப்பேன். வித்தியாசம் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும்."

நேர்காணலில் மேலாளருடன் இருந்த கணக்குப் பிரிவுக்காரருக்குத் தனியாக இரண்டு வரி எழுதினேன், அவர் கேட்ட மாதாந்திர அறிக்கையைத் தொட்டு. இருவரும் தங்களுக்குள் காட்டிக்கொண்டால் ஒரே நகலாகத் தெரியக்கூடாது.

மார்ச் 7

மேலாளரிடமிருந்து ஒரே வரி: "கிடைத்தது, நன்றி. 14-ஆம் தேதிக்குள் சொல்கிறோம்." சரி, அதுவரை இன்னொன்று எழுதப் போவதில்லை. நாட்காட்டியில் 17-ஐ வட்டமிட்டு வைத்தேன், அன்றும் பதில் இல்லையென்றால் விசாரிக்க.