சடுகுடு பழக்கம்: முதலில் விழ, அப்புறம் பிடிக்க, கடைசியில் பாட

எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது எல்லாருக்கும் எதிரணிப் பக்கம் பாடிப் போகத்தான் ஆசை. பிடிக்கிற பக்கம் நிற்கச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். ஆனால் மூக்கு உடைவதும், மணிக்கட்டு பிசகுவதும், முழங்கால் திருகுவதும் பிடியில்தான் நடக்கின்றன. அதனால் வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டேன். விழுவது முதல் பாடம், பிடிப்பது இரண்டாவது, பாடிப் போவது கடைசி. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஆணும் பெண்ணுமாக வருகிறார்கள். இதுவரை எது தேறியது, எது இன்னும் தேறவில்லை என்பதை எழுதி வைக்கிறேன்.

இடம் பிடிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. அரசலாற்றங்கரை ஊர் எங்களுடையது. சம்பா அறுவடை முடிந்தால் வயல் காலியாகக் கிடக்கும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். இங்கே அறுப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிற்கிற நெற்பயிருக்குள் உளுந்து தெளித்துவிடுவார்கள். தெளிக்காமல் விட்ட வயலில் களிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்த வெடிப்பில் கட்டைவிரல் சிக்கினால் போதும், கணுக்கால் போய்விடும். அறுத்த தாளும் நத்தை ஓடும் உள்ளங்கையைக் கிழிக்கும். கடைசியில் கோயில் திடலின் ஒரு மூலைதான் கிடைத்தது. அதை ஒரு சாண் ஆழம் கொத்தி, கட்டி உடைத்து, கல்லும் கண்ணாடியும் பொறுக்கி, தண்ணீர் தெளித்து ஆறவிட்டோம். குதிகாலை அழுத்தினால் லேசாகப் பதிய வேண்டும், புதையக் கூடாது. ஆற்று மணல் போல ஆழமாகப் புதைந்தால் உடம்பு திரும்பும், கால் திரும்பாது. அதுவும் ஆபத்துதான்.

கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம் என்பதில் கறாராக இருக்கிறேன். குழந்தைகளின் முகம் தரையில் படுகிற ஆட்டம் இது, சுண்ணாம்பு பட்டால் கண் வெந்துவிடும். மண்வெட்டி முனையால் மெல்லிய பள்ளமாகக் கோடு கீறிக்கொள்கிறோம். கயிறு கட்டினால் கால் தடுக்கும்.

விழும் பாடத்துக்கு வைக்கோல் போதும். மெஷின் சுருட்டிக் கட்டிய உருளை ஒன்றைப் பிரித்து இரண்டு சாண் உயரத்துக்குப் பரப்பி, நெல் காயவைக்கும் பழைய தார்ப்பாயை மேலே போட்டோம். முதலில் தரையில் உட்கார்ந்தபடியே பின்னால் சாய்வது. தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் பின்மண்டை தரையில் இடிக்கும். இது மனதில் நிற்க, தாடைக்கும் மார்புக்கும் நடுவில் ஒரு பூவரச இலையை வைத்துவிட்டு விழச் சொன்னேன். இலை விழுந்தால் மறுபடியும். அப்புறம் குந்தியபடி பக்கவாட்டில், தொடை, இடுப்பு, தோளின் பின்பக்கம் என்ற வரிசையில் உருண்டு விழுவது. அதன் பிறகுதான் நின்றபடி. கடைசியில் ஒருவர் காலை மெதுவாக இழுக்க, மற்றவர் விழுவது.

இதில் கடினமானது கையை அடக்குவதுதான். விழும்போது கையை நீட்டி ஊன்றுவது தானாக வரும் பழக்கம். நீட்டிய கையில் உடம்பின் எடை முழுவதும் இறங்கினால் மணிக்கட்டிலும் முன்கையிலும் எலும்பு முறியும். 'கையை ஊன்றாதே' என்று எத்தனை முறை கத்தினாலும் பலன் இல்லை, கைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். விழும் நேரத்தில் முன்கை முழுவதையும் தரையில் பட்டென்று அடிக்கச் சொன்னேன். சத்தம் வந்தால் சரி. அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் திரும்பத் திரும்ப விழுந்தார்கள். இழுத்து விழவைத்தாலும் சத்தம் வருகிறது, இலை நிற்கிறது என்றால் அந்தப் பிள்ளை அடுத்த பாடத்துக்குத் தயார். சிலருக்கு அது சட்டென்று வந்தது. ஒரு பையனுக்கு மட்டும் இன்னும் இடது கை முந்திக்கொள்கிறது, அவனைப் பிடியில் விடவில்லை.

நடுவில் பிடியே இல்லாத தொடு ஆட்டம் ஒன்று. பாடிப் போகிறவர் நடுக்கோட்டைத் தாண்டி, 'கபடி கபடி' என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே யாரையாவது தொட்டுத் திரும்ப வேண்டும். எதிரே நிற்பவர்கள் பின்வாங்கலாம், தொடக் கூடாது. பெரியவர்களுக்கு ஒரு ரைடு 30 நொடி. நாங்கள் 15-இல் விசில் ஊதிவிடுகிறோம். மூச்சை அடக்கும் போட்டியாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். இந்த ஆட்டத்திலேயே நடுக்கோடும் குறுக்குக் கோடும் காலுக்குப் பழகிவிடும். நடுக்கோட்டுக்கு அப்பால் எதிரணிப் பக்கத்தில் இருக்கும் பால்க் கோட்டைத்தான் குறுக்குக் கோடு என்கிறோம். யாரையும் தொடாமல் திரும்புகிறவர் அதையாவது தாண்டிவிட்டு வர வேண்டும். இதை விளக்கிச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது, ஒருமுறை அவுட் ஆனால் ஏறிவிடும்.

இனிப் பிடி. நான் எடுத்துக்கொண்டது கணுக்கால் பிடி ஒன்றுதான். பாடி வருகிறவர் காலை நீட்டும்போது ஓரத்தில் நிற்கும் கார்னர் ஆள் தாழ்ந்து போய் இரண்டு கையாலும் கணுக்காலை வளைக்கிறார். ஒரு கை குதிகாலுக்கு மேலே பின்புறம், இன்னொரு கை முன்புறம். பெருவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்தே இருக்க வேண்டும். தனியே விரித்து வைத்தால் உதறும்போது அதுதான் முதலில் மடங்கும். பிடித்த காலை மார்போடு அணைத்து, தன் இடுப்பைத் தரைக்குக் கொடுத்து உட்கார்ந்துவிட வேண்டும். காலைத் திருகவும் கூடாது, தூக்கவும் கூடாது. திருகினால் எதிராளியின் முழங்கால் போகும், தூக்கினால் அவர் மண்டையில் விழுவார்.

இதெல்லாவற்றையும் விட முக்கியம் பிடிக்கிறவரின் தலை. தலை எதிராளியின் காலுக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும், காது அவர் கெண்டைக்கால் மேல் உரச வேண்டும். நேர் எதிரே தலையை நீட்டினால் முழங்கால் மூக்கில் இடிக்கும். இரண்டு காலுக்கு நடுவில் நுழைத்தால் அவர் விழும்போது கழுத்தில் உட்காருவார்.

ஐந்தாவது படிக்கும் ஒரு பெண்ணுக்கு இதைப் பழக்கிய விதத்தைச் சொல்கிறேன். கை வேகம் அபாரம், ஆனால் ஒவ்வொரு தடவையும் தலை நேராகவே போனது. கண் காலைப் பார்த்தது, கண் போன வழியில் தலையும் போனது. முதலில் எதிராளியை அசையாமல் நிற்கவைத்தேன். அவர் காலுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி மண்ணில் வட்டம் போட்டு, அவள் முழங்கால் அந்த வட்டத்தில் இறங்கிய பிறகே கை நீட்ட வேண்டும் என்றேன். முழங்கால் இடம் மாறியதும் தலை தானாக வெளியே வந்துவிட்டது. அப்புறம் எதிராளி நடந்து வந்தார். அதன் பிறகு காலை நீட்டி உடனே இழுத்துக்கொண்டார். அந்தக் கட்டத்தில் தலை மறுபடியும் உள்ளே போனது. அதனால் ஒரு படி இறங்கி, நடந்து வருவதையே இன்னொரு மாலை முழுவதும் செய்தோம். 'மாமா, இது போரடிக்குது' என்றாள். 'மூக்கு வேணுமா வேணாமா?' என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வட்டத்தில் போய் மண்டியிட்டாள்.

கை சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பிடிக்கிறவர் இரண்டு உள்ளங்கையிலும் ஈர வண்டலைத் தேய்த்துக்கொள்ளட்டும். பிடி முடிந்ததும் எதிராளியின் காலில் இருக்கும் தடத்தைப் பாருங்கள். கணுக்கால் எலும்பைச் சுற்றி வளையமாக இருந்தால் சரி. கெண்டைச் சதையில் தடம் இருந்தால் தாழ்வது போதவில்லை, நின்றுகொண்டே குனிந்திருக்கிறார் என்று அர்த்தம். கீழ்நோக்கி நீண்ட கோடாக இழுபட்டிருந்தால் இறுக்கம் போதவில்லை, கால் நழுவிப் போயிருக்கிறது. நான் சொல்லும் குறையை விட, அந்தத் தடத்தைப் பார்த்துப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கிற குறைதான் சீக்கிரம் திருந்துகிறது.

ஜோடி சேர்ப்பது வயதை வைத்தல்ல, எடையை வைத்து. உரக்கடைத் தராசில் எல்லாரையும் நிறுத்துக்கொண்டோம். நான்கைந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிடி கிடையாது, தொடு ஆட்டம் மட்டும். பெண் பிள்ளைகள் எதற்கு என்று கேட்ட பெரியவர் ஒருவரிடம், 2010 குவாங்சோ ஆசியப் போட்டியிலிருந்தே பெண்கள் கபடி இருக்கிறது, தங்கம் நம்ம நாட்டுக்குத்தான் வந்தது என்றேன். 'அப்படியா?' என்றவர், மறுநாள் பேத்தியைக் கூட்டிவந்தார்.

இப்போது பக்கத்துக்கு நாலு பேர் வைத்துச் சின்ன ஆட்டம் தொடங்கியிருக்கிறோம். பெரியவர்களுக்கு ஏழு பேர். சட்டத்தைக் குறைத்துவிட்டேன். கழுத்து, தலைமுடி, சட்டை பிடித்தாலும், வாயைப் பொத்தினாலும், காலைக் கத்திரி போலப் போட்டாலும் எதிரணிக்கு ஒரு பாயிண்ட். பெரிய ஆட்டத்திலும் இவை தவறுகள்தான். கோட்டுக்கு வெளியே தள்ளுவதும் அப்படியே. போனஸ் கோட்டைத் தாண்டினால் கிடைக்கும் கூடுதல் பாயிண்ட் கிடையாது. பெரிய ஆட்டத்திலேயே ஆறு பேராவது எதிரே நின்றால்தான் போனஸ் உண்டு. அவுட் ஆனவர் ஒரு ரைடு உட்கார்ந்துவிட்டுத் திரும்ப வரலாம். இல்லாவிட்டால் கற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளைதான் அதிக நேரம் வெளியே உட்கார்ந்திருக்கும். நாங்களாகச் சேர்த்த சட்டம் ஒன்று: சிக்கியவர் தரையையோ ஆளையோ இரண்டு தட்டு தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். பாயிண்ட் பிடித்தவருக்கே. விடாதவர் அன்று வெளியே.

கை கோத்து வளைக்கும் சங்கிலிப் பிடி பாதியில் நிற்கிறது. விரலோடு விரல் பின்னிக்கொள்வதுதான் பிள்ளைகளுக்கு இயல்பாக வருகிறது. இழுவை வந்தால் பின்னிய விரல் கழன்று வராது, பிசகிவிடும். உள்ளங்கையைக் கொக்கி போல மாட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். நான் நடுவில் ஓடி மோதும்போது கை தானாக அவிழ வேண்டும். ஓடும்போது இன்னும் பின்னிக்கொள்கிறார்கள். அது மாறும் வரை சங்கிலி நடந்து பழகுவதோடு சரி.

அடிபட்டால் எண்ணெய் போட்டு உருவிவிட ஒரு பாட்டி எப்போதும் தயாராக இருக்கிறார். 'வீக்கமோ கோணலோ இருந்தா உருவக்கூடாது அத்தை, எலும்பு முறிஞ்சிருந்தா இன்னும் விலகிப்போயிடும்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். அசைக்காமல் கட்டி, ஆஸ்பத்திரிக்குத்தான். தலையில் அடி என்றால் வலி இல்லை என்று சொன்னாலும் அன்று ஆட்டம் முடிந்தது. வாந்தி வந்தாலோ தூக்கம் சொக்கினாலோ வீட்டுக்கு அனுப்பாமல் நேரே ஆஸ்பத்திரி.

தொடைப் பிடி, இடுப்புப் பிடி, ஓடி வந்து மோதித் தள்ளுவது எல்லாம் இப்போதைக்கு இல்லை. மோதலில் இரண்டு தலையும் ஒரே உயரத்தில் வருவதால் அதற்கு இன்னும் ஒரு வருஷம் போகட்டும். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் திடலின் கீழ்க்கோடி ஊறிக் களிமண் வழுக்கும். அந்த நாட்களில் பிடி கிடையாது, மேல்கோடியில் தொடு ஆட்டம் மட்டும்தான்.