சிப்பிப்பாறைக்கு ஒரு வாய்க்கூடு

மதுரையில் ஒரு கால்நடை மருத்துவரிடம் 11 வருடமாக உதவியாளராக இருக்கிறேன். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கட்டுத்துணிச் சுருள் கிடக்கும். கடிக்க வரும் நாயின் மூஞ்சியில் அதைச் சுருக்குப் போட்டு இறுக்கி, தாடைக்கு அடியில் ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. பத்து விநாடி வேலை. நான் அதில் கெட்டிக்காரன் என்று பெயரும் உண்டு.

திருமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவரின் சிப்பிப்பாறை நாய்க்கும் முந்தைய வருடம் நான்தான் அப்படிக் கட்டினேன். மூன்று வயது ஆண். இந்த வருடம் வெறிநோய்த் தடுப்பூசிக்கு வந்தபோது, என் கை பைக்குள் போகும் முன்பே வாசல் வேப்பமரத்தடியில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு பல்லைக் காட்டியது. துணி, ஊசி, நான் மூன்றும் அதற்கு ஒன்றாகிவிட்டிருந்தது. கெடுவுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்ததால் டாக்டர் அன்று தொடவில்லை. "மூணு வாரம் கழிச்சு வாங்க. அதுக்குள்ள வாய்க்கூடு பழக்குங்க" என்றார்.

"மாட்டுக்குக் கட்டுற கூடு மாதிரியா தம்பி?" என்று பெரியவர் என்னிடம் கேட்டார். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் மாட்டுக்கூடு பயிரைத் தின்னவிடாமல் தடுப்பதற்கு; இதில் நாய் தின்ன வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், முக்கியமாக வாயைத் திறந்து மூச்சிரைக்க வேண்டும். நாய் உடல் சூட்டைத் தணித்துக்கொள்வது பெரும்பாலும் அப்படித்தான். வாயை இறுக மூடும் துணி உறையைச் சித்திரை வெயிலில் அரை மணி நேரம் மாட்டி வைத்தால் நாய் சூடேறி விழுந்துவிடும். அதெல்லாம் ஓரிரு நிமிட வேலைக்குத்தான்.

கடையில் கிடைத்தது லாப்ரடாருக்கான கூடு. சிப்பிப்பாறையின் மூஞ்சி நீளம், ஒடுக்கம்; மூக்கு முன்கம்பியில் இடித்தது, பக்கவாட்டில் தொளதொளத்தது. கிரேஹவுண்டு வகைக்கான நீளக் கூடு ஒன்றை வரவழைத்தோம். மூக்கு நுனிக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் இருந்தது. தலையும் ஒடுக்கம் என்பதால் பின்வார் காதைத் தாண்டி வழுக்கியது. அதைக் கழுத்துப்பட்டையோடு ஒரு சிறு வளையத்தால் இணைத்தேன்.

பழக்கியது அவருடைய பேத்தி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. நான் சொன்னது இவ்வளவுதான்: கூட்டைக் கிண்ணம் போல அசையாமல் பிடி, உள்ளே அவித்த ஈரல் துண்டு போடு, நாயே மூக்கை நுழைக்கட்டும். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். அது தானாக மூக்கை நுழைத்துக் காத்திருக்கும் வரை வாரைத் தொடவே கூடாது. அப்புறம் கூட்டின் அடியில் தயிர் தடவி, அது நக்கிக்கொண்டிருக்கும்போதே வாரைக் காதுக்குப் பின்னால் கொண்டுபோய்த் திருப்பி எடுக்க வேண்டும். கழற்றிய பிறகு தின்னக் கொடுத்தால் கழற்றுவதுதான் அதற்கு நல்ல சேதியாகிவிடும். மூக்கு கூட்டுக்குள் இருக்கும்போதே சாப்பாடு வர வேண்டும்.

ஆறாம் நாள் போன் வந்தது. "அங்கிள், கூட்டைப் பாத்தாலே எந்திரிச்சுப் போகுது." கேட்டால், நாய் முகத்தைத் திருப்பியதும் இவள் கூட்டோடு பின்னாலேயே போயிருக்கிறாள். எல்லோரும் செய்கிற தப்புதான். முகத்தைத் திருப்புவது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது எல்லாம் 'போதும்' என்று நாய் சொல்வது. இரண்டு நாள் விட்டு முதல் படியிலிருந்து தொடங்கினாள். இன்னொரு சிக்கல் கொக்கியின் 'டக்' சத்தம். கூட்டை மாட்டாமல், தள்ளி நின்று கொக்கியைப் போட்டுப் போட்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு துண்டு ஈரல் கொடுக்கச் சொன்னேன். நாலாம் நாள் சத்தம் கேட்டதும் அவள் கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

கடைசி வாரம் கூட்டோடு தோட்டத்துக்கும் மோட்டார் கொட்டகைக்கும் நடந்தார்கள். மருத்துவமனைக்கு மட்டும் மாட்டினால் கூடும் ஊசிக்கு முன்னறிவிப்பாகிவிடும்.

22-ஆம் நாள் வந்தார்கள். வேப்பமரத்தடியில் பிள்ளை கூட்டை நீட்டியதும் தானே மூக்கைக் கொடுத்தது. நான் கண்ணில் படாமல் உள்ளேயே இருந்தேன். என்னை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாதே! டாக்டர் வெளியே வந்து மரத்தடியிலேயே ஊசி போட்டார், அவள் கம்பி வழியாகத் தயிரை ஊட்டிக்கொண்டிருக்க. காய்ச்சல் பார்க்க வாலைத் தூக்கியபோது உறுமியது. டாக்டர் வாலை விட்டுவிட்டார். கூடு பல்லைத்தான் தடுக்கிறது. பயம் அப்படியே இருக்கும், கூடு இருக்கிற தைரியத்தில் அழுத்திப் பிடித்தால் மூன்று வாரப் பழக்கமும் அன்றே போய்விடும்.

கட்டுத்துணிச் சுருள் இன்னும் பையில் இருக்கிறது. போன வாரம் வண்டியில் அடிபட்ட தெருநாய் ஒன்றைத் தூக்கி வந்தார்கள்; இடுப்பு உடைந்த வலியில் தொட்டவரையெல்லாம் கடித்தது. மயக்க ஊசி போடும் வரை இரண்டு நிமிடம் கட்டினேன், மயங்கத் தொடங்கியதும் முதல் வேலையாக அவிழ்த்தேன்.