நைட் ஷிப்ட் விபத்து ரிப்போர்ட்: திரும்பி வந்த பிறகு நான் பார்க்கிற வரிசை

சேலம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் டைம் ஆபீஸ் வேலை எனக்கு. 2024 நவம்பரில் ரிங் பிரேம் பக்கம் ஒருத்தர் வழுக்கி விழுந்து முழங்கை உடைந்துபோனது, அந்த ரிப்போர்ட்டை நான்தான் டைப் பண்ணினேன், மூன்று நாளில் திரும்பி வந்துவிட்டது. அவருக்கு வரவேண்டிய பணம் அந்தத் தாளில்தான் நிற்கிறது என்பதால் ராத்திரி தூக்கமே இல்லை.

ஷிப்ட் 11-ம் தேதி திங்கள் இரவு 10 மணிக்கு ஆரம்பம். அவர் விழுந்தது இரவு 12.40. மேஸ்திரி எழுதிக் கொடுத்த சீட்டில் "11-ம் தேதி நைட் 12.40" என்று இருந்தது, நம் பேச்சில் அது சரிதான், விடிகிற வரைக்கும் நமக்கு அதே ராத்திரிதானே. ஆனால் 12 மணி தாண்டினால் தேதி 12, கிழமை செவ்வாய். நான் சீட்டைப் பார்த்து 11/11/2024, 12.40 பி.எம். என்று அடித்திருந்தேன். அதாவது திங்கள் பட்டப்பகலில் விபத்து, அந்த நேரத்தில் அவர் ஷிப்ட்டிலேயே இல்லை. ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டிலோ 12-ம் தேதி அதிகாலை 1.25. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அடிபட்டவரைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் நாங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப்போகாதது மாதிரி வருகிறது!

இப்போது மாதத்தை எழுத்தில், கிழமையோடு, ரயில்வே டைமில் எழுதுகிறேன்: 12 நவம்பர் 2024, செவ்வாய், 00.40. (11 நவம்பர் இரவு ஷிப்ட்) என்று பக்கத்தில் அடைப்புக்குறியில். கிழமையைக் காலண்டரில் பார்த்துத்தான் போடுவேன், தேதி தப்பாக இருந்தால் கிழமை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

நேரத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. சிசிடிவி பதிவில் அவர் விழுவது 00.51 என்று வந்தது. ரிப்போர்ட்டைத்தான் மாற்றவேண்டும் என்று ஒருத்தர் சொல்ல, நான் செல்போனை மானிட்டர் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன், கேமரா கடிகாரம் 11 நிமிஷம் முன்னாடி ஓடுகிறது. இந்த மாதிரி இடத்தில் ஒன்றை அழித்து இன்னொன்றோடு ஒட்டவைக்கக் கூடாது. கேமராவில் 00.51, அந்தக் கடிகாரம் 11 நிமிஷம் வேகம், எந்தத் தேதியில் சரிபார்த்தது என்று அப்படியே எழுதினேன்.

அப்புறம் பெயர். சக்திவேல் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிஜப் பெயரை மாற்றிச் சொல்கிறேன். எங்கள் மில்லில் இரண்டு சக்திவேல், இனிஷியல் மட்டும் வேறே. முதல் பக்கத்தில் கே, இரண்டாம் பக்கத்தில் பி என்று அடித்திருக்கிறேன், என் கண்ணுக்குப் படவே இல்லை, ஏனென்றால் ஆளைத் தெரியும், மனசே திருத்திப் படித்துவிடுகிறது. அதனால் இப்போது பிரிண்ட் எடுத்து ஹெட் கிளார்க் அக்காவிடம் ஆதார், ஈ.எஸ்.ஐ. கார்டு, டோக்கன் நம்பர் மூன்றையும் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டில் இருக்கிற பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்தாக நான் வாய்விட்டுச் சொல்ல, அவர் கார்டில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வருவார். "எஸ்ஸுக்கு அப்புறம் எச் இல்லப்பா, நிறுத்து" என்பார். கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான், நமக்குச் சரியென்று படுவது இல்லை. ஆதாரிலும் ஈ.எஸ்.ஐ. கார்டிலும் வேறே வேறே மாதிரி இருந்தால் ஈ.எஸ்.ஐ. கார்டில் இருப்பதை எழுதி, ஆதாரில் இப்படி இருக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன்.

கையெழுத்து கடைசியில்தான், எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு. போன தடவை அவசரத்தில் முதலிலேயே வாங்கினேன். பக்கத்து மெஷின் அக்கா சாட்சி, கையெழுத்துத் தெரியாது, கைநாட்டு. பெருவிரலை மை பேடில் அழுத்தினதில் மை அதிகமாகி ரேகையே தெரியாமல் கறுப்புப் புள்ளியாக விழுந்தது, கீழே நான் எழுதின தேதி 11. விபத்து நடப்பதற்கு முதல் நாளே சாட்சி சொன்ன கணக்கு. ஒயிட்னர் போட்டு மூடலாம் என்று தோன்றியது, நல்லவேளை ஹெட் கிளார்க் அக்கா தடுத்தார். தப்பான தேதியை ஒரே கோடாக, கீழே இருப்பது தெரிகிற மாதிரி அடித்து, சரியானதை மேலே எழுதி, திருத்தின நாளைப் போட்டு நான் சுருக்கொப்பம் வைத்தேன். சாட்சி அக்காவை மறுபடி கூப்பிட்டு முழுவதையும் தமிழில் படித்துக்காட்டி, மையைத் துணியில் ஒற்றி எடுத்து, இடது பெருவிரலை ஓரத்திலிருந்து ஓரம் மெதுவாக உருட்டினோம், கோடு கோடாக விழுந்தது. அது யாருடைய ரேகை என்று பக்கத்தில் எழுதி மேஸ்திரி சான்றுக் கையெழுத்து, அன்றைய தேதியோடு. இரண்டாம் பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், முதல் தடவை அது காலியாகவே போயிருந்தது.

அந்த ஓ.பி. சீட்டு நகலையும் பின் அடித்துத்தான் இரண்டாவது தடவை அனுப்பினேன். திரும்பி வரவில்லை.