10,000 நாள்கள் என்பது எத்தனை ஆண்டு, எத்தனை மாதம்?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும்போது, பெரியதொரு நாள் எண்ணிக்கையை ஆண்டு, மாதம், நாள் எனப் பிரிக்கச் சொல்லும் கணக்குகளைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். தொடக்கத் தேதி தரப்படாததால் இவற்றுக்கு நாள்காட்டி உதவாது. மாதத்துக்கு 30 நாள் என்று வினாவே சொல்லிவிட்டால் அதன்படிதான் செய்ய வேண்டும். சொல்லாதபோது சராசரியைக் கொள்வதே முறை.

நான்கு ஆண்டுகளில் ஒரு லீப் நாள் சேர்வதால் அவற்றின் மொத்தம் 1461 நாள்கள். இதை நான்கால் வகுத்தால் ஆண்டுக்கு 365.25 நாளும், 48-ஆல் வகுத்தால் மாதத்துக்கு 30.4375 நாளும் கிடைக்கும். மனப்பாடம் செய்யவேண்டியது 1461 ஒன்றுதான். பெரும்பகுதி முழு எண்ணிலேயே கழிந்துவிடும்.

10,000 நாள்களை எடுத்துக்கொள்வோம். இதில் 1461 ஆறுமுறை அடங்கும். 8766 நாள்கள், அதாவது 24 ஆண்டுகள் போக, மீதி 1234. அதில் மேலும் மூன்று ஆண்டுகளுக்கு 1095.75-ஐக் கழித்தால் 138.25 நிற்கும். நான்கு மாதங்களுக்கு 121.75 போனால் எஞ்சுவது 16.5. ஆகவே விடை 27 ஆண்டு, 4 மாதம், 16 அல்லது 17 நாள்.

பலர் செய்வதுபோல 10,000-ஐ நேராக 30-ஆல் வகுத்தால் 333 மாதமும் 10 நாளும், அதாவது 27 ஆண்டு 9 மாதம் 10 நாள் வரும். ஏறத்தாழ ஐந்து மாதம் கூடிவிடுவதற்குக் காரணம், பன்னிரண்டு முப்பதுகள் 360 மட்டுமே என்பதால் ஒவ்வோர் ஆண்டிலும் ஐந்தேகால் நாள் விடுபட்டு, 27 ஆண்டுகளில் அது 141.75 நாளாகத் திரள்வதுதான். முதலில் ஆண்டுகளைப் பிரித்துவிட்டு மீதியை மட்டும் மாதமாக்கினால் இந்தப் பிழை திரள இடமிராது. கால்குலேட்டர் அனுமதிக்கப்பட்டு 27.3785 என்ற விடை வந்தால், அதை 27.4 எனச் சுருக்க வேண்டாம். அந்தச் சுருக்கமே எட்டு நாளைக் கூட்டிவிடும்.

சராசரி விடை எவ்வளவு நம்பத்தக்கது என்பதையும் சரிபார்க்கலாம். 2000 ஜனவரி 1-இலிருந்து 10,000 நாள்களை உண்மையாக எண்ணினால் 27 ஆண்டு 4 மாதம் 18 நாள் ஆகிறது. ஜூலை 1-இலிருந்து எண்ணினால் 27 ஆண்டு 4 மாதம் 16 நாள். எஞ்சிய நான்கு மாதங்களுக்குள் பிப்ரவரி விழுகிறதா, 31 நாள் மாதங்கள் விழுகின்றனவா என்பதையும், இடையில் வரும் லீப் நாள்களையும் பொறுத்தே இந்த வேறுபாடு.

ஓரிரு நாள் வேறுபாடு பெரும்பாலும் பொருட்டல்ல என்றாலும், மீதி ஒரு மாதத்தின் விளிம்பில் நிற்கும்போது அதுவே விடையின் தோற்றத்தை மாற்றிவிடும். 10,957 நாள்களைச் சராசரியால் பிரித்தால் 29 ஆண்டு, 11 மாதம், ஏறக்குறைய 30 நாள் என்று வரும். 2001 ஜனவரி 1-இலிருந்து எண்ணினாலோ சரியாக 30 ஆண்டுகள். இவ்வாறு நாள் பகுதி 29-ஐத் தாண்டினாலோ ஒன்றுக்குக் கீழே வந்தாலோ, ‘ஏறத்தாழ 30 ஆண்டுகள்’ என்ற விடையையே நான் தேர்ந்தெடுப்பேன்.