அண்ணா சொன்ன வார்த்தையும் இருபத்து நான்காம் ஷரத்தும்

டர்பனில் ஒரு சின்ன வக்கீல் அலுவலகத்தில் பல வருடங்களாக லீஸ் ஃபைல்களைப் பார்த்து வருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்து நம் ஆட்கள். வயதானவர்கள் என் பெயரைக் கேட்டதும் தமிழில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஃபைலுக்குள் இருப்பதெல்லாம் இங்கிலீஷ்தான். பேச்சு ஒரு மொழியில், ஒப்பந்தம் இன்னொரு மொழியில் என்பதாலோ என்னவோ, பேசி முடித்தாலே விஷயம் முடிந்துவிட்டது என்ற நினைப்பு நம்மிடம் கொஞ்சம் அதிகம்.

2024 ஏப்ரலில் ஒரு அக்கா வந்தார். சாட்ஸ்வொர்த்தில் வாடகை இடத்தில் கேட்டரிங் கிச்சன் நடத்துகிறவர். கல்யாணம், காவடி, பதினாறாம் நாள் என்று எல்லாவற்றுக்கும் சமைத்துக் கொடுப்பார். கையில் ஒரு டிமாண்ட் லெட்டர். 1,08,000 ராண்ட் வாடகை பாக்கி, ஏழு நாளில் கட்டாவிட்டால் லீஸ் ரத்து என்று இருந்தது. உட்கார்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணாதாம்மா பாதி கட்டினா போதும்னு சொன்னாரு."

அண்ணா என்று அவர் சொன்னது கட்டடத்தின் சொந்தக்காரரை. அவர் மார்ச் மாதம் காலமாகிவிட்டார். லெட்டர் அனுப்பியது அவருடைய மகன், எஸ்டேட்டின் எக்ஸிக்யூட்டர், அதாவது இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தை நிர்வகிப்பவர் என்ற முறையில்.

கதை இதுதான். அந்த வருடம் மாத வாடகை 18,000 ராண்ட். ஒரு பெரிய சாப்பாட்டு ஆர்டர் கைவிட்டுப் போனதும், 2023 மார்ச் கடைசியில் அக்கா சொந்தக்காரரின் கடைக்கே போய் நிலைமையைச் சொன்னார். அவரும், "சரி, கொஞ்ச நாளைக்கு ஒன்பதாயிரம் கொடு, பாத்துக்கலாம்" என்றார். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் அப்படியே கட்டினார். ஜூன் கடைசியில் சொந்தக்காரர் ஒரு இமெயில் அனுப்பினார்: ஜூலை முதல் டிசம்பர் வரை வாடகை 9,000, ஜனவரியிலிருந்து பழைய தொகை. கீழே தன் பெயரை அடித்திருந்தார். டிசம்பர் முடிந்தது. ஜனவரியில் யாரும் எதுவும் பேசவில்லை. அக்கா தொடர்ந்து 9,000 கட்டினார், அவரும் வாங்கிக்கொண்டார். மார்ச் வரை அப்படியே ஓடியது.

பன்னிரண்டு மாதம், மாதம் 9,000 குறைவு, அதனால் 1,08,000. மகனின் கணக்கில் தப்பில்லை.

லீஸை எடுத்துப் பார்த்தேன். இருபத்து நான்காம் ஷரத்து எல்லா லீஸிலும் இருக்கிற அதே ஷரத்து. இந்த ஒப்பந்தத்தில் எந்த மாற்றமும், இந்த ஷரத்தையே மாற்றுவது உட்பட, எழுத்தில் இருந்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் தவிர செல்லாது. அடுத்த ஷரத்து, சொந்தக்காரர் காட்டுகிற எந்தச் சலுகையும் அவருடைய உரிமையை விட்டுக்கொடுத்ததாக ஆகாது என்றது. பக்கத்தின் ஓரத்தில் இரண்டு பேரின் இனிஷியலும் இருந்தன. அக்காவுடையது கொஞ்சம் நடுங்கிய எழுத்து.

"இந்த ஷரத்தையே மாற்றுவது உட்பட" என்ற அந்தச் சின்ன வார்த்தைக்குத்தான் பலம் அதிகம். அது இல்லையென்றால், வாய்ப்பேச்சில் முதலில் அந்த ஷரத்தையே எடுத்துவிட்டோம், பிறகு வாடகையை மாற்றினோம் என்று வாதாட இடம் இருக்கிறது. அது இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. தென்னாப்பிரிக்காவில் 1964-இல் ஷிஃப்ரென் வழக்கில் அப்பீல் கோர்ட் இதைத்தான் சொன்னது. தங்களைத் தாங்களே இப்படிக் கட்டிக்கொள்ள இரு தரப்புக்கும் சுதந்திரம் உண்டு, கட்டிக்கொண்ட பிறகு ஒருவர் மட்டும் வாய்ப்பேச்சைக் காட்டி அவிழ்த்துக்கொள்ள முடியாது. 2002-இல் பிரிஸ்லி எதிர் ட்ராட்ஸ்கி வழக்கில் இதை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள். அதுவும் வீட்டு வாடகை விஷயம்தான். வாடகையைத் தாமதமாகக் கட்டலாம் என்று வாயால் ஒத்துக்கொண்டார்கள் என்பது குடியிருந்தவரின் வாதம். கோர்ட் ஷிஃப்ரென் தீர்ப்பையே உறுதி செய்தது. பொதுக்கொள்கைக்கு விரோதமாகப் போகும் சில இடங்களில் ஹைகோர்ட்டுகள் இதைத் தளர்த்தியிருக்கின்றன. ஆனால் அது அபூர்வம், சாதாரண வாடகைக் கணக்குக்கு அதை நம்பி இறங்க முடியாது.

எனக்கு அன்றைக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது இந்த முதல் மூன்று மாதம்தான். அப்பா அப்படிச் சொல்லவே இல்லை என்று மகன் மறுக்கவில்லை. போனில் பேசியபோது, "நானும் அப்ப கடையிலதான் இருந்தேன், காதால கேட்டேன்" என்றே சொன்னார். சாட்சி இருக்கிறது, மறுப்பு இல்லை. ஆனாலும் அந்தப் பேச்சு லீஸை மாற்றவில்லை. வரப்போகிற மாதங்களின் வாடகையைக் குறைப்பது என்றால் அது ஒப்பந்தத் திருத்தம், திருத்தத்துக்கு எழுத்து வேண்டும். பேச்சு நடந்ததா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. அக்காவிடம் இதைப் புரிய வைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அவரை யாரும் பொய்க்காரி என்று சொல்லவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மகன் மேலும் தப்புச் சொல்ல முடியாது. அவர் எக்ஸிக்யூட்டர். எஸ்டேட்டுக்கு வரவேண்டிய பணத்தை வசூலிப்பது அவருடைய கடமை, மற்ற வாரிசுகளுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஜூலை முதல் டிசம்பர் வரை. மொத்தம் 54,000 ராண்ட். இமெயில் எழுத்தா? ஆமாம். 2002-ஆம் வருடத்து எலக்ட்ரானிக் கம்யூனிகேஷன்ஸ் அண்ட் டிரான்ஸாக்‌ஷன்ஸ் சட்டப்படி, பிறகு எடுத்துப் பார்க்க முடிகிற மின்செய்தி எழுத்துக்குச் சமம். சிக்கல் கையெழுத்தில்தான். அதே சட்டத்தின் பதின்மூன்றாம் பிரிவு இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பேசுகிறது. ஒரு சட்டமே கையெழுத்து கேட்டால், மின்வடிவத்தில் அதற்கு, அங்கீகாரம் பெற்ற முறையில் போடுகிற உயர்தர மின்கையொப்பம் வேண்டும். இரு தரப்பும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட நிபந்தனை என்றால், ஆளை அடையாளம் காட்டி அவருடைய சம்மதத்தையும் காட்டுகிற நம்பகமான ஏதாவது ஒரு முறை போதும். கிச்சன் லீஸில் கையெழுத்து கேட்டது ஒப்பந்தம்தான், சட்டம் இல்லை. (நிலம் விற்பது வேறு கதை. அங்கே சட்டமே எழுத்தும் கையெழுத்தும் கேட்கிறது, மின்செய்திக்கு அங்கே இடமில்லை.)

2014-இல் ஸ்பிரிங் ஃபாரஸ்ட் எதிர் வில்பெரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஆஃப் அப்பீல் இதை நேராகவே முடிவு செய்தது. கார் கழுவும் கருவிகளை வாடகைக்கு எடுத்தவர்களுக்கும் கொடுத்தவர்களுக்கும் இடையே வந்த தகராறு அது. நம்முடையதைப் போன்ற ஷரத்துதான், ரத்து செய்வதற்கும் எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்றது. இரண்டு தரப்பும் இமெயிலில் பேசி ரத்து செய்துகொண்டார்கள். பிறகு ஒரு தரப்பு, அது கையெழுத்தே இல்லை என்றது. இமெயிலின் கீழே அடித்திருந்த பெயரே கையெழுத்து என்று கோர்ட் சொல்லிவிட்டது.

அப்படியானால் நமக்கு வெற்றி என்று நினைத்து, இமெயில் முழுவதையும் பிரிண்ட் எடுத்தேன். சொந்தக்காரரின் மெயிலில் பெயர் இருந்தது. அக்காவின் பதில் ஒரே வரி: 'ஓகே அண்ணா, ரொம்ப நன்றி.' அதன் கீழே ஃபோன் தானாகப் போட்ட 'Sent from my iPhone' மட்டும்தான். பெயர் இல்லை. ஷரத்தோ இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது. அனுப்பியவர் பெயர் மெயிலின் தலைப்பில் தெரிகிறதே என்று வாதாடலாம்தான். ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு கோர்ட் வாசல் ஏற எங்கள் வக்கீலுக்கு மனமில்லை.

"அந்த வருஷம் அவருக்கு நீங்க அனுப்பின எல்லாத்தையும் தேடுங்க அக்கா" என்றேன். மறுநாள் மகளோடு வந்தார். ஜூலை 3-ஆம் தேதி, பணம் கட்டிய ரசீதை இணைத்து, மகள் லேப்டாப்பில் இருந்து அம்மாவின் கணக்கில் அம்மா சொல்லச் சொல்ல அடித்த மெயில் ஒன்று இருந்தது. 'டிசம்பர் வரை 9,000 என்று நாம் ஒத்துக்கொண்டபடி ஜூலை வாடகை இணைப்பில்.' கீழே அக்காவின் முழுப்பெயர், கிச்சனின் பெயர். அந்த ஒரு மெயிலைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. 54,000 ராண்ட் அந்த இரண்டு வரியில் நின்றது.

ஆனால் எந்த லீஸிலும் இது இப்படியே போகும் என்று எண்ண வேண்டாம். 2020-இல் ஃபூஷே வழக்கில் அதே கோர்ட் வேறு விதமாக முடித்தது. வாடிக்கையாளரின் இமெயிலைத் திருடர்கள் கைப்பற்றி, அவர் பெயரை அடித்து, பணத்தை மாற்றச் சொல்லி முதலீட்டு ஆலோசகருக்கு எழுதினார்கள். ஆலோசகரும் அனுப்பிவிட்டார். வாடிக்கையாளர் கொடுத்திருந்த அதிகாரப் பத்திரம் அவருடைய கையெழுத்து வேண்டும் என்றது. அடித்த பெயர் அதற்குப் போதாது என்றது கோர்ட். எனவே ஒப்பந்தத்தின் சொற்கள் எந்த மாதிரிக் கையெழுத்தைக் கேட்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இப்போது வருகிற பல லீஸ்களில் முன்பக்க விளக்கங்களிலேயே 'எழுத்து என்பதில் இமெயில் சேராது', 'கையெழுத்து என்றால் பேனாவால் போட்டது' என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இருந்தால் அக்காவின் மெயில் கட்டு முழுவதும் வீண். அதனால் நான் இப்போது திருத்த ஷரத்தைப் பார்ப்பதற்கு முன் விளக்கப் பக்கத்தைத்தான் புரட்டுகிறேன்.

கடைசி மூன்று மாதம், ஜனவரி முதல் மார்ச் வரை. மெயிலே டிசம்பரோடு முடிகிறது என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு இருந்தது நடத்தை மட்டும். இவர் கொடுத்தார், அவர் வாங்கினார். அதனால் லீஸ் மாறியது என்று சொன்னால், எழுத்து வேண்டும் என்ற ஷரத்தும் சலுகை ஷரத்தும் இரண்டும் குறுக்கே நிற்கின்றன. நடத்தைக்குப் பலனே இல்லை என்றும் சொல்ல முடியாது. மாதாமாதம் குறைந்த பணத்தைப் பேசாமல் வாங்கிக்கொண்டு, ஒரு நாள் காலையில் திடீரென்று லீஸ் ரத்து என்று சொல்வது எளிதில் எடுபடாது. அவகாசம் கொடுத்து, இனி முழுத் தொகை வேண்டும் என்று கேட்க வேண்டும். மகன் ஏழு நாள் கொடுத்திருந்தார், அதனால் அந்த வாதமும் எங்களுக்கு அதிகம் உதவவில்லை.

ஆக, சட்டப்படி பேசினால் அக்கா கொடுக்க வேண்டியது 54,000. மகனின் வக்கீலுக்கு இரண்டு மெயில்களையும் ஸ்பிரிங் ஃபாரஸ்ட் தீர்ப்பையும் அனுப்பினோம். ஆறு மாதத்துக் கணக்கை அவர்கள் சண்டையில்லாமல் விட்டுவிட்டார்கள். மீதியில், கடையில் தன் காதால் கேட்டதை மகன் மறக்கவில்லை. மற்ற வாரிசுகளிடம் பேசி, 36,000 போதும், மாதம் 3,000 வீதம் பன்னிரண்டு மாதத்தில் கட்டட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

அதை ஒரு பக்க இணைப்பாக நான்தான் டைப் செய்தேன். எந்தத் தேதி லீஸ், எந்த ஷரத்து, பழைய தொகை என்ன, புதியது என்ன, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, மற்றதெல்லாம் முன்பு போலவே. இரண்டு பேரும் எங்கள் மேஜையில் உட்கார்ந்து பேனாவால் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா தன் பெயரை முழுவதுமாக எழுதினார், அவசரப்படாமல்.

இந்த இணைப்பு முறையை இப்போது சொந்தக்காரர்களிடமும் சொல்கிறேன், ஏனென்றால் கத்தி இரு பக்கமும் வெட்டும். இரக்கப்பட்டுக் கீழே பெயர் போட்டு அனுப்புகிற ஒரு மெயில் அவர்களையும் கட்டிவிடும். பேசிப் பார்க்கிற நிலையில் இருந்தால், 'இது யோசனை மட்டும், இருவரும் கையெழுத்திட்ட பத்திரம் வரும்வரை லீஸ் மாறாது' என்று அந்த மெயிலிலேயே எழுதச் சொல்கிறேன்.

அக்கா இன்றும் ஒவ்வொரு மாதமும் ரசீதின் நகலை எங்களுக்கும் அனுப்புகிறார். 'Sent from my iPhone' வரி இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே தேதி, எந்த மாத வாடகை, தன் முழுப்பெயர்.